பல்ஸ் சர்வே: ஒரே ஆளிடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்கலாம்?

எச்.ஆர். துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். "வாரா வாரம் அஞ்சே அஞ்சு கேள்வி, ரெண்டே நிமிஷம்" என்று ஒரு பல்ஸ் சர்வேயை, அதாவது ஊழியர் மனநிலையை அடிக்கடி அளந்து பார்க்கும் சிறிய சர்வேயை, உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் மாதம் பதில்கள் குவிந்தன. மூன்றாம் மாதம் பாதியாகிவிட்டன. வந்த பதில்களிலும் எல்லாக் கேள்விக்கும் வரிசையாக ஐந்துக்கு "4" தான். இனி என்ன செய்வது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்பது என்று முடிவெடுக்கும் வழியை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

விளக்கத்துக்காக ஒரு தொழிற்சாலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் இடம், மொத்தம் 240 பேர். மெஷின் ஷாப்பில் 90, அசெம்பிளியில் 60, தரப் பரிசோதனையில் 18, பராமரிப்பில் 12, அலுவலகத்தில் 60. உங்கள் இடத்தின் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை இதுதான்.

## 1. வந்திருப்பது சலிப்புதானா என்று பாருங்கள்

பதில் விகிதம் குறைந்தாலே சலிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். அவநம்பிக்கையாலும் குறையும், லிங்க் போன வாரம் ஆடிட் நடந்ததாலும் குறையும். சலிப்புக்கென்று சில தடயங்கள் உண்டு, அவை பதில் ஷீட்டிலேயே கிடக்கும்.

முதல் தடயம், பதில் எழுத ஆன நேரம். ஐந்து கேள்வியை ஒழுங்காகப் படித்துப் பதில் சொல்ல ஒன்றரை நிமிடமாவது வேண்டும். பத்து நொடியில் முடித்தவர் கேள்வியைப் படிக்கவில்லை. சர்வே மென்பொருள் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் பதிந்தால் கழித்துப் பாருங்கள். கூகுள் ஃபார்ம்ஸ் அனுப்பிய நேரத்தை மட்டுமே காட்டும், அதில் இந்தச் சோதனை முடியாது. இரண்டாவது, எல்லாக் கேள்விக்கும் ஒரே எண். இதைப் பிடிக்க எளிய வழி, ஒரு கேள்வியை மட்டும் எதிர்த் திசையில் வைப்பது: "இந்த மாதம் தேவையில்லாத மறுவேலை நிறைய இருந்தது" என்பது போல. நல்ல சூழலில் இருப்பவர் இதற்குக் குறைந்த எண்தான் போட வேண்டும். அங்கேயும் 4 என்றால் விரல்தான் பதில் சொல்லியிருக்கிறது. மூன்றாவது, கருத்துப் பெட்டி. முதல் சுற்றில் நாலு வரி எழுதியவர்கள் "நில்", "ஓகே", ஒரு புள்ளி என்று போட ஆரம்பித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இவற்றைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. பதில் விகிதம் இறங்கும்போது மதிப்பெண் ஏறுவது. மேலிடத்தில் கைதட்டுவார்கள், நீங்கள் தட்டாதீர்கள். கணக்கு இப்படி நடக்கிறது. 240 பேரில் 144 பேர் திருப்தியாக இருக்கிறார்கள், 96 பேர் இல்லை. உண்மை நிலவரம் 60 சதவீதம். முதல் சுற்றில் இரு தரப்பிலும் முக்கால்வாசிப் பேர் பதில் தருகிறார்கள்: 108 பேரும் 72 பேரும். மதிப்பெண் 60 சதவீதம், சரியாகவே வருகிறது. பத்துச் சுற்று போகிறது. "சொல்லி என்ன ஆகப்போகுது" என்று அதிருப்தியாளர்கள் முதலில் விலகுகிறார்கள். திருப்தியானவர்களில் 86 பேர் பதில் தருகிறார்கள், மற்றவர்களில் 24 பேர்தான். இப்போது மொத்தம் 110 பதில், அதில் 86 என்றால் 78 சதவீதம். ஒருவருடைய மனமும் மாறவில்லை, மதிப்பெண் மட்டும் 18 புள்ளி ஏறிவிட்டது.

அதனால் ஒவ்வொரு அறிக்கையிலும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே பதில் விகிதத்தையும் போடுங்கள். துறைவாரியாகவும் போடுங்கள். மொத்த விகிதம் 65 சதவீதம் என்று அழகாக இருக்கும். பிரித்தால் அலுவலகம் 90, மெஷின் ஷாப் 45 என்று இருக்கும்.

## 2. ஊழியர் நேரத்துக்கு விலை போடுங்கள்

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் மேலிடத்தை ஒப்புக்கொள்ள வைப்பது இதுதான். லிங்கைத் திறந்து, பதிலளித்து, வேலைக்குத் திரும்ப மூன்று நிமிடம் என்று வையுங்கள். 240 பேருக்கு 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம். வாரா வாரம் கேட்டால் ஆண்டுக்கு 624 மணி நேரம், எட்டு மணி நேர வேலைநாளாக 78 நாள். இதுவே ஒவ்வொருவரிடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 48 மணி நேரம், ஆறு வேலைநாள்.

உங்கள் பக்கச் செலவையும் எழுதுங்கள். ஒரு சுற்றின் கருத்துகளைப் படிக்க, துறைவாரியாகப் பிரிக்க, தலைவர்களோடு உட்கார, ஊழியர்களுக்குப் பதில் எழுத என்று சேர்த்தால் ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று நாள் போய்விடும். வாரத்துக்கு ஒரு சுற்று என்றால் உங்கள் வாரத்தில் பாதி அதிலேயே கரையும். கரையவில்லை என்றால் யாரும் கருத்துகளைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

## 3. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி இடைவெளி வையுங்கள்

புதியவர்கள் "சர்வேயை எத்தனை நாளுக்கு ஒருமுறை விடலாம்" என்று கேட்கிறார்கள். சர்வேக்கு இடைவெளி கிடையாது, கேள்விக்குத்தான் உண்டு. கேட்கும் விஷயம் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைப் பொறுத்து அது அமையும்.

ஒரு ஷீட் திறந்து, கேட்க நினைக்கும் எல்லாக் கேள்விகளையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: இது எத்தனை நாளில் மாறக்கூடியது, எண் இறங்கினால் யார் நடவடிக்கை எடுப்பார், அவர் என்ன செய்வார். வேலைப்பளு, ஓவர்டைம், பொருள் தட்டுப்பாடு போன்றவை மாதத்துக்கு மாதம் மாறும். சூப்பர்வைசர் நடந்துகொள்ளும் விதம் அப்படிச் சட்டென்று மாறாது, காலாண்டுக்கு ஒருமுறை போதும். சம்பளம், பதவி உயர்வு பற்றிய மனநிலை இன்கிரிமென்ட் வரும்போதுதான் அசையும், ஆண்டுக்கு ஒருமுறை கேட்டால் தாராளம். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிக் காண்ட்ராக்டர் மாறியபின் ஒருமுறை கேளுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் காலியாக இருக்கும் கேள்வியை அடித்துவிடுங்கள். "இந்த நிறுவனத்தில் வேலை செய்வதில் பெருமைப்படுகிறேன்" என்ற கேள்வி எல்லா ரெடிமேட் பட்டியலிலும் இருக்கும். அந்த எண் ஐந்து புள்ளி இறங்கினால் திங்கட்கிழமை காலை யார் எதைச் செய்வார்? பதில் இல்லையென்றால் அதை மாதா மாதம் கேட்பதில் பயனில்லை, ஆண்டு சர்வேக்குத் தள்ளுங்கள். இந்த ஒரு வடிகட்டலிலேயே பட்டியலில் பெரும்பகுதி போய்விடும்.

மிஞ்சுவதை ஐந்துக்குள் நிறுத்துங்கள். இரண்டு கேள்விகள் ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் வரட்டும், போக்கைப் பார்க்க அவை வேண்டும். மற்ற மூன்று சுற்றுக்குச் சுற்று மாறலாம். மாறாத இரண்டின் வாசகத்திலும் அளவுகோலிலும் கைவைக்காதீர்கள். ஐந்து புள்ளி அளவை நடுவில் பத்தாக மாற்றினாலோ, "சமாளிக்க முடிகிறது" என்பதை "எளிதாகச் சமாளிக்க முடிகிறது" என்று திருத்தினாலோ பழைய எண்களோடு ஒப்பிட முடியாது. தொழிலாளர்களுக்குப் போகும் சர்வே தமிழில் இருக்கட்டும். ஆங்கிலக் கேள்வியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பதில் போட்டால் அது ஒருவருடைய பதிலாக இருக்காது.

## 4. பதில் சொல்ல உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?

இரண்டாவது எல்லைக்கோடு உங்கள் சொந்த வேகம். சர்வே வெள்ளிக்கிழமை மூடுகிறது. துறைத் தலைவர்களுக்கு எண் போய்ச் சேர ஒரு வாரம். "நீங்கள் சொன்னது இது, நாங்கள் செய்யப்போவது இது, இதைச் செய்ய முடியாது, காரணம் இது" என்று ஊழியர்களுக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்ட இன்னொரு வாரம். சொன்னதில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம். மொத்தம் இரண்டு மாதம் ஆகிவிடுகிறது. அதற்குள் அதே ஆளிடம் மறுபடி கேட்டால், போன தடவை சொன்னதற்கே பதில் வராத ஆளிடம் கேட்கிறீர்கள்.

என் கணிப்பில், கேள்விகளின் எண்ணிக்கையைவிட இந்தப் பதிலில்லாத கேள்விதான் ஆட்களை அதிகம் விரட்டுகிறது. ஆகவே ஒரு விதியை எழுதி மேலிடத்தில் கையெழுத்து வாங்குங்கள்: ஒருவருடைய முந்தைய சுற்றுக்கான பதில் நோட்டீஸ் ஒட்டப்படாத வரை அவருக்கு அடுத்த அழைப்பு போகாது. வாய்மொழியாக ஒப்புக்கொண்டது இரண்டு மாதத்தில் மறந்துவிடும்.

## 5. ஆட்களை மூன்று குழுவாகப் பிரியுங்கள்

இங்கே மேலாளர் ஒரு தடை போடுவார். "எனக்கு மாதா மாதம் எண் வேணும். மூணு மாசத்துக்கு ஒருதடவைன்னா அதுக்குள்ள எல்லாம் கைமீறிப் போயிடும்." அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்கிறீர்கள் என்பதும், ஒரு ஆளிடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்கிறீர்கள் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 240 பேரை 80 பேர் கொண்ட மூன்று குழுவாகப் பிரித்து, மாதம் ஒரு குழுவிடம் கேளுங்கள். மேலாளருக்கு மாதா மாதம் எண் வரும், ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் லிங்க் வரும்.

அரசின் பெரிய கணக்கெடுப்புகளும் சுழற்சி முறையில்தான் நடக்கின்றன. இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒரு குடும்பத்தை நான்கு முறை பார்த்தபின் விட்டுவிட்டு வேறு குடும்பத்துக்குப் போகிறது. நகர்ப்புறத்தில் காலாண்டுக்கு ஒருமுறை என்றிருந்த அந்த வருகை, 2025 ஜனவரியிலிருந்து அடுத்தடுத்த நான்கு மாதங்களில் என்று மாறியிருக்கிறது. அவர்களுக்கு மாற்றுக் குடும்பங்கள் கிடைக்கும். உங்களுக்கு அதே 240 பேர்தான், அவர்களைத் தீர்த்துவிட்டால் வேறு ஆள் இல்லை.

பிரிக்கும்போது "மெஷின் ஷாப் ஜனவரி, அசெம்பிளி பிப்ரவரி" என்று துறைவாரியாகப் பிரிக்கவே கூடாது. அப்படிச் செய்தால் பிப்ரவரியில் எண் மாறியது மாதத்தாலா துறையாலா என்று தெரியாது. ஒவ்வொரு குழுவிலும் எல்லாத் துறையும் எல்லா ஷிப்ட்டும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். எக்செல்லில் இது கால் மணி நேர வேலை.

முதல் வரியில் தலைப்புகள். A-இல் பணியாளர் எண், B-இல் துறை, C-இல் ஷிப்ட். D2-இல் கீழே உள்ள முதல் சூத்திரத்தைப் போட்டு 241-ஆம் வரி வரை இழுங்கள். D முழுவதையும் காப்பி செய்து, அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். ஒட்டாமல் விட்டால் ஷீட்டைத் தொடும்போதெல்லாம் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், நாளைக்கு யார் எந்தக் குழு என்று உங்களுக்கே தெரியாது. பிறகு முழு ஷீட்டையும் B, C, D என்ற வரிசையில் Sort செய்துவிட்டு, E2-இல் இரண்டாவது சூத்திரத்தைப் போட்டு அதையும் 241-ஆம் வரி வரை இழுங்கள்.

```
=RAND()
=MOD(ROW()-2,3)+1
```

E-இல் 1, 2, 3 என்று குழு எண் மாறி மாறி வரும். அதையும் மதிப்பாக ஒட்டிச் சேமியுங்கள். சரிபார்க்க, ஒவ்வொரு குழுவிலும் மெஷின் ஷாப் ஆட்கள் 30 பேர், பராமரிப்பில் 4 பேர் வருகிறார்களா என்று எண்ணுங்கள். புதிதாகச் சேர்பவர்களை வரிசையாக 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டே போங்கள். முதல் மாதம் அவர்களுக்குப் பல்ஸ் சர்வே வேண்டாம், சேர்ந்த புதிதில் அவர்களிடம் வேறு பல படிவங்கள் நிரப்பச் சொல்லியிருப்பீர்கள்.

காலண்டரில் குழு 1-க்கு பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று போட்டால் மற்ற இரண்டும் தானாக அமையும். ஆண்டு முழு சர்வே ஒன்று இருந்தால் அந்த மாதத்தின் பல்ஸை ரத்து செய்யுங்கள். அடுத்த மாதக் குழுவுக்கும் போதிய இடைவெளி விடுங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் மோதுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பொங்கல், தீபாவளி வாரங்களையும் தீபாவளி போனஸ் அறிவித்த வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. ஷிப்ட் நேரம் மாறுகிறது, புதிய இ.ஆர்.பி. மென்பொருள் வருகிறது என்றால் அந்த ஆறு வாரத்துக்கு வாரா வாரம் எண் தேவைப்படும். அப்போதும் இதே வழிதான்: வாரம் 40 பேர், ஆறு வாரத்தில் எல்லோரும் ஒருமுறை. எந்தத் தேதியில் நிற்கும் என்று முதல் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். முடியும் தேதி இல்லாமல் தொடங்கிய தற்காலிக சர்வே நிற்பதே இல்லை.

## 6. எண் அசைந்தால் அது நிஜ அசைவா என்று கணக்குப் போடுங்கள்

அடிக்கடி கேட்பதில் இருக்கும் இன்னொரு தொல்லை, எண் சும்மா ஆடுவது. மார்ச்சில் 80 பேரிடம் கேட்டு 60 பேர் பதில் தந்தார்கள். "வேலைப்பளு சமாளிக்கக்கூடியதாக இருந்தது" என்று 42 பேர் ஒப்புக்கொண்டார்கள், 70 சதவீதம். ஏப்ரலில் அடுத்த குழு, மறுபடி 60 பதில், ஒப்புக்கொண்டவர் 36 பேர், 60 சதவீதம். பத்துப் புள்ளி சரிவு என்று கூட்டம் போட்டுவிடுவார்கள். ஆனால் வித்தியாசம் ஆறே பேர்.

ஒரு காலி ஷீட்டில் இரண்டு மாதத்தின் விகிதங்களை 0.70, 0.60 என்பது போல P1, P2 கட்டங்களிலும், பதில் தந்தவர் எண்ணிக்கையை N1, N2 கட்டங்களிலும் எழுதி, வேறொரு கட்டத்தில் இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள்:

```
=1.96*SQRT(p1*(1-p1)/n1+p2*(1-p2)/n2)
```

நம் உதாரணத்தில் விடை 0.17. அதாவது, தற்செயலாகவே 17 புள்ளி வரை ஆடலாம். பத்துப் புள்ளியை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று குழுவையும் சேர்த்துக் காலாண்டுக்கு 180 பதிலாக வைத்து முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் இந்த எல்லை சுமார் 10 புள்ளியாகச் சுருங்கும். அதே ஆட்களே மறுபடி பதில் சொல்வதால் நிஜத்தில் ஆட்டம் இன்னும் குறைவாகவே இருக்கும், சூத்திரம் பாதுகாப்பான பக்கம் நிற்கிறது.

நடைமுறைக்கு இரண்டு பழக்கம் போதும். மாத எண்ணை எச்சரிக்கை மணியாக மட்டும் பாருங்கள்: 17 புள்ளிக்கு மேல் விழுந்தால் உடனே போய் விசாரியுங்கள், இல்லையென்றால் விடுங்கள். முடிவுகளைக் காலாண்டு எண்ணை வைத்து எடுங்கள். குழு 1-இன் மே மாதத்தைக் குழு 2-இன் ஜூனோடு ஒப்பிடுவதைவிட, குழு 1-ஐ அதே குழுவின் பிப்ரவரியோடு ஒப்பிடுவது நல்லது. இன்கிரிமென்ட், போனஸ் மாதங்கள் குறுக்கிடும் கேள்விக்குப் போன ஆண்டின் அதே மாதம்தான் சரியான ஜோடி.

இந்தக் கணக்கை மேலாளரிடம் ஒருமுறை காட்டிவிட்டால், வாரா வாரம் எண் கேட்கும் ஆசை தானாகக் குறையும். இது பதில் தராதவர்களால் வரும் கோணலைப் பிடிக்காது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். முதல் படியில் பார்த்த 78 சதவீதக் கதை இந்தச் சூத்திரத்துக்குள் நுழைந்தால் "நிஜ முன்னேற்றம்" என்றே வெளியே வரும்.

## 7. எல்லாத் துறைக்கும் ஒரே பதிவேடு

உங்கள் பல்ஸ் சர்வே மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். ஆனால் ஊழியருக்கு ஐ.டி. ஹெல்ப்டெஸ்க் ஒரு படிவம் அனுப்புகிறது, பயிற்சித் துறை ஒன்று, கேன்டீன் கமிட்டி ஒன்று, பாதுகாப்பு வாரத்துக்கு ஒன்று. அனுப்பியது யார் என்று அவர் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாமே "எச்.ஆர். சர்வே"தான்.

பகிர்ந்த ஷீட் ஒன்று போதும். அனுப்பும் தேதி, சர்வே பெயர், அனுப்பும் துறை, யாருக்கு, எத்தனை கேள்வி, எத்தனை நிமிடம், முடிவை ஊழியருக்குச் சொல்லும் தேதி. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அனுப்ப அனுமதி இல்லை. ஒரே ஆளுக்கு 30 நாளில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. ஹெல்ப்டெஸ்க் டிக்கெட் மூடியதும் கேட்கும் "திருப்தியா?" என்ற ஒற்றைக் கேள்விக்கு விலக்கு தரலாம், ஆனால் ஐந்து டிக்கெட்டுக்கு ஒன்று என்று மட்டும் கேட்கட்டும். சட்டப்படி நிரப்ப வேண்டிய படிவங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதிவேட்டை ஒருவர் கட்டிக்காக்க வேண்டும், "முடியாது" என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். அதிகாரம் இல்லாத பதிவேட்டில் அனுப்பிவிட்டுத்தான் வந்து எழுதுவார்கள்.

## 8. அழைப்பும் நினைவூட்டலும்

அழைப்பில் நான்கு விஷயம் இருந்தால் போதும். இந்த அளவுக்கு எழுதலாம்:

"இந்த மாதம் உங்கள் குழுவின் முறை. ஐந்து கேள்வி, சுமார் இரண்டு நிமிடம். வெள்ளிக்கிழமை மாலை வரை திறந்திருக்கும். பிப்ரவரியில் நீங்கள் சொன்னதில் இரண்டாம் ஷிப்ட் பஸ் நேரம் மாற்றப்பட்டது, ஏ.சி. கோரிக்கை இந்த ஆண்டு பட்ஜெட்டில் இல்லை. உங்களுக்கு அடுத்த சர்வே ஆகஸ்டில்தான்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்தது எப்போது என்று தெரிந்தால் இப்போது கேட்பதைப் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டு நிமிடம் என்று எழுதினால் அது இரண்டு நிமிடமாகவே இருக்க வேண்டும். சர்வேயோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, போனில் நிரப்பச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள்.

நினைவூட்டல் ஒன்றே ஒன்று, மூன்றாம் நாள். பெயரில்லாத லிங்க் என்றால் யார் பதில் தந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. "ஏற்கெனவே நிரப்பியிருந்தால் நன்றி, இதை விட்டுவிடுங்கள்" என்று அந்தக் குழு முழுவதற்கும் போகட்டும். கூகுள் ஃபார்ம்ஸில் `Limit to 1 response` என்பதைப் போட்டால் லாகின் கேட்கும். மின்னஞ்சலைச் சேகரிக்காத அமைப்பில் அவர் யார் என்று ஷீட்டில் வராது. ஆனாலும் லாகின் திரையைப் பார்த்த தொழிலாளி அதை நம்பமாட்டார். பெயரில்லை என்று சொன்னால் அந்தத் திரையே வராமல் இருப்பது நல்லது. ஓரிருவர் இருமுறை நிரப்புவதைச் சகித்துக்கொள்ளலாம்.

போன் அனுமதிக்காத ஷாப் ஃப்ளோரில் லிங்க் மட்டும் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று சொல்லக் கூடாது. கேன்டீன் வாசலில் ஒரு டேப்லெட் வைத்து, ஷிப்ட் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அன்றைய ஆட்களை விடச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது. பதில் விகிதத்தைத் துறைத் தலைவரின் இலக்காகவும் ஆக்காதீர்கள். ஆக்கினால் 98 சதவீதம் வரும், அத்தனையும் "4" ஆக இருக்கும்.

## 9. சிறிய குழுவை மறையுங்கள்

சுழற்சியில் ஒரு பக்கவிளைவு உண்டு. பராமரிப்புத் துறையின் 12 பேரில் மாதம் நான்கு பேரிடம்தான் கேட்கிறீர்கள், மூன்று பதில் வரும். அதைத் தனியாகக் காட்டினால் யார் என்ன சொன்னார் என்று தலைவர் ஊகித்துவிடுவார். ஐந்து பதிலுக்குக் குறைவான எதையும் தனியாகக் காட்டாதீர்கள். பராமரிப்புக்குக் காலாண்டு எண் மட்டும் கொடுங்கள்.

மறைத்தாலும் கழித்துக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் பாருங்கள். மொத்த எண்ணையும் மற்ற நான்கு துறைகளின் எண்ணையும் போட்டுவிட்டு பராமரிப்பை மட்டும் கோடு போட்டு விட்டால், ஒரு கழித்தலில் அது வெளியே வந்துவிடும். மாத அறிக்கையில் பராமரிப்பையும் தரப் பரிசோதனையையும் சேர்த்து ஒரே வரியாகக் காட்டுங்கள். கருத்துப் பெட்டியில் வந்ததை அப்படியே ஒட்டாமல், "மூன்றாம் லேத்" போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

## 10. இடைவெளி சரிதானா என்று சோதித்துப் பார்ப்பது

மேலிடம் இன்னும் மாதா மாதம் எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்றால், வாதாடாமல் சோதனைக்குக் கேளுங்கள். மேலே சொன்ன எக்செல் முறையிலேயே, மூன்றுக்குப் பதில் இரண்டு என்று போட்டு 120 பேர் கொண்ட இரு பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு ஆறு மாதம் மாதா மாதம், மறு பாதிக்குக் காலாண்டுக்கு ஒருமுறை. ஏழாம் மாதம் இருவருக்கும் ஒரே சர்வேயை ஒரே நாளில் அனுப்பி, அந்தச் சுற்றின் பதில் விகிதத்தை மட்டும் ஒப்பிடுங்கள். காலாண்டுப் பாதியில் 90 பேரும் மாதாந்தரப் பாதியில் 72 பேரும் பதில் தந்தார்கள் என்றால் 75-க்கு 60, வித்தியாசம் 15 புள்ளி. ஆறாம் படியின் சூத்திரத்தில் எல்லை சுமார் 12 வருகிறது. ஆகவே அந்த இழப்பு அடிக்கடி கேட்டதால் வந்தது என்று சொல்லலாம். வித்தியாசம் எல்லைக்குள் நின்றால் அவர்கள் சொன்னதே உங்கள் இடத்துக்குச் சரியாக இருக்கலாம், ஒப்புக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களின் பதில் விகிதத்தைப் பழையவர்களோடு ஒப்பிட்டு இதே முடிவுக்கு வரப் பார்ப்பார்கள். அது சரிவராது. புதியவர்கள் எந்தச் சர்வேக்கும் கூடுதலாகப் பதில் தருவார்கள், ஆர்வமும் தயக்கமும் அதில் கலந்திருக்கும்.

சுழற்சி தொடங்கியபின் ஒரே குழுவின் பதில் விகிதம் அடுத்தடுத்து இரண்டு முறை இறங்கினால், மூன்றாவது அழைப்பை அனுப்பாதீர்கள். முந்தைய நோட்டீஸ் ஒட்டப்பட்டதா, அதில் எழுதியது நடந்ததா என்று ஷாப் ஃப்ளோரில் போய்ப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் இடைவெளியை நீட்டி ஒன்றும் ஆகாது, அந்த வேலையை முடிக்கும் வரை சர்வேயை நிறுத்தி வையுங்கள்.